ஜெர்மனி படிப்பு: ‘ஜூலை 15’ என்ற தேதியை நம்பினால் ஒரு வருடம் போச்சு!

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. நாமக்கல்லிலிருந்து சித்தி போன் செய்தார். “பாப்பாவுக்கு விசா வந்துருச்சுடி” என்றார். சந்தோஷமான செய்திதான். ஆனால், குரலில் சந்தோஷம் இல்லை. பின்னால் பாப்பா அழும் சத்தம் கேட்டது.

காரணம் எளிது. அவள் சேர வேண்டிய ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. சேர்க்கைப் பதிவும் முடிந்துவிட்டது. அந்த அட்மிஷன் கடிதம் அந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும்தான் செல்லும். பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறது, சேர இடம் இல்லை.

பாப்பா பி.இ. மெக்கானிக்கல். நல்ல மதிப்பெண். இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவமும் உண்டு. பணமும் தயார். எந்த ஆவணமும் போலி இல்லை, எதுவும் நிராகரிக்கப்படவும் இல்லை. எல்லாம் சரியாகவே வந்தன. ஆனால், எல்லாமே தாமதமாக வந்தன.

எங்கே நாள் போனது என்று பார்க்க, இரண்டு பேரும் அவளுடைய இ-மெயில்களையும் கூரியர் ரசீதுகளையும் தேதி வாரியாக அடுக்கினோம். அதில் தெரிந்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன். இங்கே இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க நினைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜூலை 15 யாருக்கு?

பாப்பா வேலையை ஆரம்பித்தது மார்ச் மாதம். ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தபோது, “விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஜூலை 15. இன்னும் நாலு மாசம் இருக்கு, கவலையே படாதீங்க” என்றார்கள். அவர்கள் சொன்ன தேதி பொய் இல்லை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டருக்குப் பல படிப்புகளில் ஜூலை 15-தான் கடைசித் தேதி.

ஆனால், அந்தத் தேதியில் விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். பல்கலைக்கழகம் முடிவு சொல்ல ஆறு முதல் எட்டு வாரம். அப்படியென்றால் செப்டம்பர் முதல் வாரம். அதன் பிறகு வங்கிப் பணம், விசாவுக்கு நேரம் வாங்குவது என்று இரண்டு வாரம். விசா முடிவுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் வந்தாலே நவம்பர். செமஸ்டர் தொடங்குவதோ அக்டோபர் 1. தொழில்நுட்பக் கல்லூரி வகையைச் சேர்ந்த ‘ஹோக்‌ஷூலே’களில் செப்டம்பர் 1.

ஜெர்மனியிலேயே இருப்பவருக்கு விசா வேண்டாம். அவருக்கு ஜூலை 15 சரியான தேதி. நாமக்கல்லில் இருப்பவருக்கு அது கடைசித் தேதியே இல்லை. இதைப் புரிந்துகொண்டுதான் சில பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு முன்கூட்டியே தேதி வைத்திருக்கின்றன. ஆஹன் நகரின் ஆர்.டபிள்யூ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு அது மார்ச் 1. அதனால், படிப்பின் பக்கத்தில் கண்ணில் படும் முதல் தேதியை எடுக்காதீர்கள். ‘ஐரோப்பிய ஒன்றியம் அல்லாதவர்களுக்கு’ என்று தனித் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், நமக்கான தேதியை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் வரிசை

அடுத்த தவறு, எதை முதலில் செய்வது என்பதில் நடந்தது. பாப்பா முதலில் செய்தது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். படிக்க வேண்டும், எழுத வேண்டும், மதிப்பெண் வரும். ஏதோ நடக்கிறது என்று மனதுக்குத் திருப்தி. ஆனால், கணினியில் எழுதினால் ரிசல்ட் சில நாட்களிலேயே வந்துவிடும். இரண்டு வருடம் செல்லுபடியாகும். அவசரப்படுத்தக்கூடிய வேலை அது. அவசரப்படுத்த முடியாத வேலைகள் வேறு இருக்கின்றன. அவை ஒன்றுக்காக இன்னொன்று காத்திருப்பவை. அந்த வரிசை இதுதான்:

பெயர் சரியாக இருந்தால்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டும் மார்க் ஷீட்டுகளும் இருந்தால்தான் ஏ.பி.எஸ். சான்றிதழ். ஏ.பி.எஸ். இருந்தால்தான் பல்கலைக்கழக விண்ணப்பம் முழுமை. விண்ணப்பத்துக்குப் பிறகு அட்மிஷன் கடிதம். கடிதம் வந்த பிறகு விசா.

இதில் ஏ.பி.எஸ். பலருக்குப் புதிதாக இருக்கலாம். டெல்லியில், ஜெர்மன் தூதரகத்தோடு சேர்ந்து இயங்கும் அலுவலகம் அது. இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துச் சான்றிதழ் தரும். 2022 நவம்பர் 1 முதல், இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்தோடு இது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். aps-india.de தளத்தில் பதிவு செய்து, அங்கே இருக்கும் பட்டியல்படி ஆவணங்களை அனுப்ப வேண்டும். மூன்று, நான்கு வாரத்திலேயே வந்துவிடுவது உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பும் மாதங்களில் இழுக்கும். அதனால் திட்டம் போடும்போது எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

பாப்பா இதை ஜூன் முதல் வாரத்தில்தான் அனுப்பினாள். ஏன் அவ்வளவு தாமதம்? இரண்டு காரணங்கள்.

இனிஷியல் செய்யும் வேலை

முதல் காரணம், நம் ஊர் இனிஷியல். உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் ‘கவிதா செல்வராஜ்’ ஆகிவிடும். இது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு உள்ள வழக்கமான வித்தியாசம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து எல்லா இடத்திலும் கூடவே வைத்தால் பெரும்பாலும் போதும்.

பிரச்னை எங்கே என்றால், எழுத்து மாறும்போது. பாப்பாவின் பாஸ்போர்ட்டில் சித்தப்பா பெயர் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. டிகிரி சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. “ஒரு எழுத்துதானே அக்கா, விடுங்க” என்று அவளே சொல்லியிருக்கிறாள். கடைசியில், பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுபடி வாங்கினாள். விண்ணப்பம், நேரில் போவது, போலீஸ் விசாரணை என்று அதற்கு ஒரு மாதம் ஆனது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் பதிவு செய்ய வேண்டும். தேர்வை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டைத் திருத்தினால், மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர் நிற்கும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, ஆதார், பாஸ்போர்ட் ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டைத் திருத்துவது வாரக்கணக்கில் முடியும். முடிந்தவரை சான்றிதழில் உள்ளபடி பாஸ்போர்ட்டை மாற்றுவதுதான் நாளை மிச்சப்படுத்தும்.

அரியர் எழுதிய பேப்பர்

இரண்டாவது காரணம், டிரான்ஸ்கிரிப்ட். கையில் இருக்கும் மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகமே கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருவது டிரான்ஸ்கிரிப்ட். விண்ணப்பித்த மறுநாள் கிடைக்காது. பாப்பாவுக்கு ஐந்து வாரம் ஆனது. கல்லூரியில் ஒரு கையெழுத்து, பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்து. நடுவில் செமஸ்டர் தேர்வு வந்தால் அந்த அலுவலகமே அதில் மூழ்கிவிடும். அதனால் நவம்பர், ஏப்ரல் தேர்வு நாட்களில் போய் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு மூன்றாவது செமஸ்டரில் ஓர் அரியர் இருந்தது. அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள். தேறிய மார்க் ஷீட் மட்டும் ஃபைலில் இருந்தது. தவறவிட்ட முதல் முயற்சியின் மார்க் ஷீட்டை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. யார்தான் அதைப் பத்திரமாக வைப்பார்கள்! ஆனால், சான்றிதழைச் சரிபார்ப்பவருக்கு இடையில் ஒரு தாள் குறைந்தாலும் கேள்விதான். வீட்டுப் பரணில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. அரியர் இருந்தவர்கள் ஒவ்வொரு முயற்சியின் மார்க் ஷீட்டையும் தேடி எடுத்த பிறகே கூரியர் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போதே நான்கைந்து சீல் வைத்த பிரதிகளும் சேர்த்து வாங்கிவிட்டால், இன்னொரு முறை அதே கவுன்ட்டரில் நிற்க வேண்டாம்.

பின்னாலிருந்து எண்ணுவோம்

இப்போது பேப்பரை எடுங்கள். கடைசி வரியில் ‘அக்டோபர் 1, வகுப்பு’ என்று எழுதுங்கள். அங்கிருந்து மேலே மேலே, பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவோம். நானும் பாப்பாவும் போட்ட கணக்கு இது. ஒவ்வொரு இடத்திலும் தாமதமான கணக்கையே எடுத்திருக்கிறோம்.

டிக்கெட் எடுக்க, தங்குமிடம் பார்க்க இரண்டு வாரம் வேண்டும். அப்படியென்றால் செப்டம்பர் 15-க்குள் விசா கையில் இருக்க வேண்டும். விசாவுக்குப் பன்னிரண்டு வாரம் பின்னால் போனால் ஜூன் 23. அன்றைக்கு ஆவணங்களைக் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் வங்கிப் பணத்துக்கும் விசா நேரம் வாங்கவும் இரண்டு வாரம். ஜூன் 9-க்குள் அட்மிஷன் கடிதம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் எட்டு வாரத்தைக் கழித்தால் ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு அன்று நம் விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் மேசையில் இருக்க வேண்டும்.

பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை நேரடியாக வாங்காமல், ‘யூனி அசிஸ்ட்’ என்ற அமைப்பின் மூலம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் பார்த்து அனுப்ப நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஏதாவது தாள் குறைந்து திரும்பக் கேட்டால் அதற்கும் நாள் வேண்டும் என்பதால் எட்டு வாரம் வைப்போம். பிப்ரவரி 17.

அதற்குள் ஏ.பி.எஸ். கையில் இருக்க, எட்டு வாரம் முன்னால் டெல்லிக்குக் கூரியர் போக வேண்டும். டிசம்பர் 23. டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஆறு வாரம் கழித்தால் நவம்பர் 11. பெயர், பாஸ்போர்ட் திருத்தத்துக்கு ஐந்தாறு வாரம் கழித்தால் அக்டோபர் முதல் வாரம்.

ஆக, அக்டோபரில் வகுப்பு என்றால் அதற்கு முந்தைய அக்டோபரில் ஐந்து சான்றிதழ்களையும் மேசையில் பரப்ப வேண்டும். முழுதாக ஒரு வருடம். பாப்பா மார்ச்சில் ஆரம்பித்தபோதே ஐந்து மாதம் பின்தங்கியிருந்தாள். அது அவளுக்கும் தெரியவில்லை, அவளுக்கு ஆலோசனை சொன்னவர்களும் சொல்லவில்லை.

நீங்கள் விரும்பும் படிப்புக்கு மார்ச் 1 கடைசித் தேதி என்றால், இதே கணக்கை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மே 31 என்று இருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காமல், விண்ணப்பம் திறந்த வாரமே அனுப்புங்கள். வந்த வரிசையில் முடிவு சொல்லும் இடங்களில் அட்மிஷன் கடிதம் சீக்கிரம் வரும். அந்த நாட்கள் விசாவுக்கு உதவும்.

காத்திருக்கும் நாளில் செய்ய வேண்டியவை

பேப்பரில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘யார் கையில்?’ என்று ஒரு கட்டம் போட்டோம். டிரான்ஸ்கிரிப்ட், ஏ.பி.எஸ்., யூனி அசிஸ்ட், விசா எல்லாம் அடுத்தவர் கையில். அங்கே நாம் எவ்வளவு ஓடினாலும் ஒரு நாள்கூடக் குறையாது. நம் கையில் இருப்பவை ஐ.இ.எல்.டி.எஸ்., நோக்கக் கடிதம், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பணம். இவற்றுக்குத் தனியாக நாள் ஒதுக்கத் தேவையில்லை. ஏ.பி.எஸ்.க்காகக் காத்திருக்கும் எட்டு வாரத்திலேயே முதல் மூன்றையும் முடித்துவிடலாம்.

பணம் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே ஒரு வருடம் வாழப் பணம் இருக்கிறது என்று காட்ட, ‘பிளாக்டு அக்கவுன்ட்’ என்ற முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம் ரூபாய். இந்தத் தொகை மாறக்கூடியது என்பதால், அனுப்புவதற்கு முன் ஜெர்மன் தூதரகத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கணக்கை ஆன்லைனில் சில நாட்களில் திறந்துவிடலாம். பணம் போய்ச் சேர ஒரு வாரம். ஆனால், அந்தப் பணம் கல்விக் கடனாக வர வேண்டும் என்றால் கதையே வேறு. சொத்து அடமானம் கேட்கும் வங்கி, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சித்தப்பா இதை அட்மிஷன் கடிதம் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருந்தார். கடன் உத்தரவுக்குக் கடிதம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், பத்திரத்தைப் பார்க்கவோ வில்லங்கம் எடுக்கவோ கடிதம் தேவையில்லை. அவற்றை மார்ச், ஏப்ரலிலேயே தயாராக வைத்திருந்தால் ஜூனில் உத்தரவு மட்டும்தான் பாக்கி.

பிந்திவிட்டால்?

விசா தாமதமாகும்போது அமைதியாக உட்கார்ந்திருக்காதீர்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு, விசா விண்ணப்ப ரசீதை இணைத்து, எந்தத் தேதி வரை தாமதமாகச் சேரலாம் என்று கேட்டு மெயில் போடுங்கள். சில இடங்களில் சில வாரம் தருவார்கள். சில இடங்களில் ஆன்லைனிலேயே பதிவு செய்ய விடுவார்கள். பாப்பா இந்த மெயிலை அக்டோபர் கடைசியில் போட்டாள். அதற்குள் பதிவு முடிந்திருந்தது.

விசா மறுக்கப்பட்டால் முன்பு இலவசமாக மறுபரிசீலனை கேட்கும் வழி ஒன்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை ஜெர்மனி நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது இரண்டே வழி. மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பது அல்லது பெர்லின் நீதிமன்றம். அதனால் ‘முதலில் கொடுத்துவிடுவோம், குறைந்தால் அப்புறம் பார்ப்போம்’ என்ற பேச்சு இனி வேண்டாம்.

பாப்பா இப்போது

ஒரு வருடம் போனதே என்று சித்தி இன்னும் வருத்தப்படுகிறார். ஆனால், பேப்பரில் போட்ட கணக்கு ஒரு நல்ல செய்தியும் சொன்னது. பாஸ்போர்ட் சரியாகிவிட்டது. டிரான்ஸ்கிரிப்ட் பிரதிகள் பீரோவில் இருக்கின்றன. ஏ.பி.எஸ். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ்.க்கு இன்னும் உயிர் இருக்கிறது. அந்த நீண்ட வரிசையில் பாதி முடிந்தே இருக்கிறது. இந்த முறை அவள் தொடங்க வேண்டியது யூனி அசிஸ்ட்டிலிருந்துதான்.

பிப்ரவரி 17 என்று எழுதியிருந்த வேலையை ஜனவரி இறுதியிலேயே முடித்துவிட்டாள். மூன்று விண்ணப்பம், மொத்தம் 135 யூரோ. அந்தப் பேப்பர் இப்போது நாமக்கல் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த வரி ஏப்ரல் 14. அதற்குப் பக்கத்தில் ‘யார் கையில்?’ என்ற கட்டத்தில், “பல்கலைக்கழகம்” என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே சித்தப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “வில்லங்கம் எடுத்தாச்சு.”

உங்கள் வீட்டிலும் யாராவது அடுத்த அக்டோபருக்குத் திட்டமிடுகிறார்களா? அந்த ஐந்து சான்றிதழ்களை இன்று இரவே மேசையில் பரப்பிவிடுங்கள்.